"சும்மா ஞாபகப்படுத்தத்தான்" என்று எழுதுவதற்குப் பதில் என்ன எழுதலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஜஸ்ட் செக்கிங் இன்"னு போடறதுல என்ன தப்பு? மரியாதையாத்தானே இருக்கு?

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதில் இல்லை. உங்கள் மெயிலைத் திறந்தவர் முதலில் பழைய மெயிலைத் தேட வேண்டும், அதிலிருக்கும் இணைப்பைத் திறக்க வேண்டும், அன்றைக்கு நீங்கள் கேட்டது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் பதிலைப் பற்றி யோசிக்கவே முடியும். கையில் வேறு வேலை இருப்பவர் இத்தனையும் செய்ய மாட்டார், "சாயந்திரம் பார்ப்போம்" என்று மூடிவிடுவார். சாயந்திரம் அது இன்னும் பத்து மெயிலுக்குக் கீழே போயிருக்கும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: இந்த மாதிரிக் கேள்விக்கு வரும் பதிலும் இதே மாதிரிதான் இருக்கும். "அனுப்பியதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் "பார்த்தேன்" என்பது நேர்மையான, முழுமையான பதில். "ஏதாவது அப்டேட் உண்டா?" என்றால் "இன்னும் இல்லை" என்பதும் அப்படியே. அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு முடிவு, ஒரு எண், ஒரு ஒப்புதல். அதைக் கேட்கவே இல்லை.

எந்தெந்த வரியெல்லாம் இந்தக் கணக்கில் வரும்?

"சும்மா ஞாபகப்படுத்தவே இந்த மெயில்", "ஜென்டில் ரிமைண்டர்", "மேற்கண்ட மெயில் குறித்து", "எந்த நிலையில் இருக்கிறது?", "பார்த்துவிட்டுச் சொல்லவும்", "தங்கள் மேலான கருத்தை எதிர்நோக்குகிறேன்", "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்". கடைசி இரண்டும் காகிதக் கடித காலத்திலிருந்து வந்தவை, மெயிலுக்கு வந்த பிறகும் சட்டையை மாற்றிக்கொள்ளவில்லை.

சோதிப்பது எளிது. அந்த வரியை அப்படியே எடுத்து வேறு எந்த விஷயத்துக்கான மெயிலிலும் ஒட்ட முடிகிறதா பாருங்கள். லீவு விண்ணப்பம், பில் பாக்கி, வடிவமைப்புக்கான ஒப்புதல், மூன்றிலும் ஒரே வரி பொருந்துகிறது என்றால் அது எதைப் பற்றியும் பேசவில்லை.

சரி, வேற என்னதான் எழுதறது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

ஒரே கதையை முழுதாகப் பார்க்கலாம். ஒருவர் தன் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தயாரிக்கிறார், 36 பக்கம். வெள்ளிக்கிழமை 6-ஆம் தேதி கணக்குப் பிரிவுத் தலைவருக்கு வரைவை அனுப்புகிறார். "இணைப்பில் ஆண்டறிக்கை வரைவு உள்ளது. பார்த்துவிட்டு தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கவும்." செவ்வாய் 10-ஆம் தேதி வரை பதில் இல்லை. வியாழன் 12-ஆம் தேதி மாலை 3 மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது அவர் எழுத நினைப்பது:

> வணக்கம் சார், சும்மா ஞாபகப்படுத்தத்தான் இந்த மெயில். வெள்ளிக்கிழமை அனுப்பியதைப் பார்த்தீர்களா? நேரம் கிடைக்கும்போது சொல்லவும்.

இங்கே நிறுத்தி அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தலைவரிடமிருந்து உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்? 36 பக்கத்துக்கும் கருத்தா? கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும். 14-ஆம் பக்க அட்டவணையில் உறுப்பினர் எண்ணிக்கை 4,218 என்று இருக்கிறது, சங்கத் தலைவர் உரையில் 4,281 என்று இருக்கிறது. எங்கேயோ தட்டச்சில் இலக்கம் இடம் மாறியிருக்கிறது. எது சரி என்று கணக்குப் பிரிவுக்குத்தான் தெரியும். அவ்வளவுதான் தேவை. மற்ற பக்கங்களில் அவருக்கு வேலையே இல்லை. அப்படியானால் மெயில் இப்படி இருக்கலாம்:

> பொருள்: உறுப்பினர் எண்ணிக்கை 4,218-ஆ, 4,281-ஆ? வியாழன் 12, காலை 11 மணிக்குள் தேவை
>
> வணக்கம் சார். ஆண்டறிக்கையில் உறுப்பினர் எண்ணிக்கை எது சரி, 4,218-ஆ 4,281-ஆ? 14-ஆம் பக்க அட்டவணையில் முதல் எண்ணும் தலைவர் உரையில் இரண்டாவது எண்ணும் இருக்கின்றன, இரண்டு இடத்தின் படமும் கீழே இருக்கிறது.
>
> அச்சகத்துக்குக் கோப்பு வியாழன் 12-ஆம் தேதி மாலை 3 மணிக்குப் போகிறது. அன்று காலை 11 மணிக்குள் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், திருத்தம் நான் செய்துகொள்கிறேன்.
>
> இதை உறுதிசெய்ய வேண்டியவர் வேறு யாராவது என்றால் பெயரை மட்டும் சொல்லுங்கள், நானே கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிப்பவர் பழைய மெயிலைத் தேட வேண்டாம், இணைப்பைத் திறக்க வேண்டாம். நான்கு இலக்கம் தட்டினால் வேலை முடிந்தது. எண் நினைவில் இல்லை என்றாலும் யாரைக் கேட்கச் சொல்வது என்று அவருக்குத் தெரியும், அதற்கும் மெயிலில் இடம் இருக்கிறது. கெடு ஏன் அந்த நேரம் என்பதும் தெரிகிறது. "சும்மா ஞாபகப்படுத்த" என்ற சொல் இல்லாமலே அது நினைவூட்டல்தான்.

காலை 11 மணி என்று சொன்னதையும் கவனியுங்கள். கோப்பு போவது 3 மணிக்கு என்றாலும், எண் வந்த பிறகு திருத்தி, பக்கத்தைச் சரிபார்த்து, புதிய கோப்பு எடுக்க நேரம் வேண்டும். கடைசி நிமிடத்தையே கெடுவாகச் சொல்கிறவர்கள் பதில் சரியான நேரத்துக்கு வந்தும் மாட்டிக்கொள்வார்கள்.

இவ்வளவு நேரடியா கேட்டா அதிகாரமா தெரியாதா? அவர் எனக்கு மேலதிகாரி.

நேரடியாக இருப்பதும் அதிகாரமாக இருப்பதும் வேறு வேறு. தமிழில் அதிகாரத் தொனி வருவது கேள்வியின் தெளிவால் அல்ல, பெரும்பாலும் வினையின் முடிவால். "எண்ணை உறுதிசெய்யவும்", "உடனே அனுப்பவும்" என்ற "-வும்" முடிவு அறிவிப்புப் பலகையின் குரல். நாம் அதை மரியாதை என்று நினைத்து எழுதுகிறோம், மேலதிகாரிக்கு அது உத்தரவு மாதிரிக் கேட்கும். "அனுப்பினால் போதும்", "சொல்ல முடியுமா?", "எது சரி என்று சொல்லுங்கள்" என்பவை அதே விஷயத்தை நேருக்கு நேர் பேசுகிற குரலில் கேட்கின்றன.

அதோடு, மேலதிகாரியின் நேரத்தை மிச்சப்படுத்துவதைவிட அவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை வேறில்லை. "தங்கள் பொன்னான நேரத்தில் சில நிமிடங்கள் ஒதுக்கி" என்று தொடங்கி, எதற்கு ஒதுக்க வேண்டும் என்றே சொல்லாத மெயில்தான் அந்தப் பொன்னான நேரத்தைத் தின்கிறது.

மன்னிப்பையும் குறைக்கலாம். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கினால் படிப்பவர் மனதில் முதலில் பதிவது தொந்தரவு என்ற சொல். அவர் செய்ய வேண்டிய வேலையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், அதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது?

நலம் விசாரிக்காம நேரா விஷயத்துக்குப் போனா மொட்டையா இருக்கே?

விசாரியுங்கள், யார் வேண்டாம் என்றது? முதல் வரியில் மட்டும் வேண்டாம். போனில் மெயில் வந்ததும் தெரிவது அனுப்பியவர் பெயர், பொருள் வரி, உள்ளடக்கத்தின் முதல் சில சொற்கள், அவ்வளவுதான். அந்த இடத்தை "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" எடுத்துக்கொண்டால் கேள்வி திரைக்கு வெளியே போய்விடும். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதிமுறை ஏ.ஆர். 25-50 கூட முக்கியமான விஷயத்தை முதலில் சொல் என்றுதான் சொல்கிறது. அவ்வளவு விறைப்பு நமக்கு வேண்டியதில்லை, "வணக்கம் சார்" போட்டுவிட்டே கேள்விக்கு வரலாம்.

உண்மையாகவே அவர் உடம்பு சரியில்லாமல் இருந்து திரும்பியிருக்கிறார், குழந்தைக்குத் தேர்வு முடிந்திருக்கிறது என்றால் கடைசியில் ஒரு வரி கேளுங்கள். குறிப்பிட்ட விஷயத்தைக் கேட்கும் அந்த வரிக்குத் தனி எடை உண்டு.

"முடிந்தவரை விரைவில்"னு போட்டா போதாதா? தேதி போட்டா நெருக்கற மாதிரி இருக்கு.

"விரைவில்" என்பதுதான் நெருக்குகிறது. எவ்வளவு அவசரம் என்று சொல்லாமலே அவசரப்படுத்துகிறது. தேதி போட்டால் அவரால் திட்டமிட முடியும், "வியாழன் முடியாது, வெள்ளி காலை தரட்டுமா?" என்று பேரம் பேசவும் முடியும். "விரைவில்" என்ற சொல்லோடு யாரும் பேரம் பேச முடியாது.

தேதியை எழுதும்போது இரண்டு மூன்று குழிகள் உண்டு. "அடுத்த வெள்ளி" என்றால் சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அதற்கடுத்த வாரம். "இன்று மாலைக்குள்" என்பது வேறு நாட்டில் இருப்பவருக்கு எந்த மாலை? 05/06 என்பது சிலருக்கு ஜூன் 5, சிலருக்கு மே 6. கிழமையும் தேதியும் சேர்த்து எழுதினால் இவை எல்லாம் தீரும்: "வியாழன், 12-ஆம் தேதி, காலை 11 மணி". கிழமையும் தேதியும் பொருந்தவில்லை என்றால் படிப்பவரே சொல்லிவிடுவார், அது கூடுதல் வசதி. நேர மண்டலம் வேறு என்றால் அவருடைய நேரத்தில் எழுதுங்கள், உங்கள் நேரத்தைக் கணக்குப் போட வைக்காதீர்கள்.

கெடுவுக்குப் பக்கத்தில் காரணத்தையும் வையுங்கள், ஒரு வரி போதும். "அச்சகத்துக்கு 3 மணிக்குப் போகிறது" என்பது காரணம். "எனக்கு அவசரம்" என்பது காரணம் இல்லை. காரணமே இல்லாமல் சும்மா ஒரு தேதியைப் போட்டு அது கடந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அடுத்த முறை நீங்கள் போடும் தேதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

"பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்"னு எழுதலாமா? அது ரொம்ப வசதியா இருக்கு.

வசதிதான், அதனால்தான் கையைச் சுடும். இடம் பார்த்து எழுத வேண்டும்.

அதே ஆண்டறிக்கையில் அட்டைக்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன என்று வையுங்கள், நீலமும் பச்சையும். தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு, தலைவருக்கு ஆட்சேபம் இருந்தால் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அங்கே இப்படி எழுதலாம்: "அட்டைக்கு நீல வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் புதன் 11-ஆம் தேதி மாலைக்குள் சொல்லுங்கள்." சம்மதம் என்றால் அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். இப்படி ஒரு வரி போட்டாலே பாதி மெயில் போக்குவரத்து நின்றுவிடும்.

ஆனால் உறுப்பினர் எண்ணிக்கைக்கு அதையே செய்ய முடியாது. "பதில் வராவிட்டால் 4,218 என்று போடுகிறேன்" என்றால் தவறான எண் அச்சாக வாய்ப்பு இருக்கிறது, அச்சான பிறகு திரும்பப் பெற முடியாது. உங்களுக்குத் தெரியாத உண்மையை அவருடைய மௌனம் உறுதிப்படுத்தாது. பணம் செலவாகும் முடிவு, ஒப்பந்தம், ஒருவருடைய பெயரையோ படத்தையோ வெளியிடும் அனுமதி, இவற்றிலும் அப்படித்தான்: அவர் வாய் திறந்து சம்மதிக்க வேண்டும், மௌனம் செல்லாது. அவர் லீவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தும் இப்படி எழுதுவது, வெளிப்படையாகச் சொன்னால், தந்திரம். பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

அப்படியான இடங்களில் மௌனத்தின் விளைவைச் சொல்லலாம், சம்மதமாக மாற்றக்கூடாது. "எண் உறுதியாகாவிட்டால் 14-ஆம் பக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டிவரும், அச்சு திங்களுக்குத் தள்ளிப்போகும்." உண்மையாகவே அப்படித்தான் நடக்கும் என்றால் மட்டும் எழுதுங்கள். மிரட்டுவதற்காக எழுதுவது ஒரு முறை வேலை செய்யும், அவ்வளவுதான்.

எனக்குக் கேட்க வேண்டியது நாலஞ்சு இருக்கு. எல்லாத்தையும் ஒரே மெயில்ல போடலாமா?

போட்டால் மிக எளிதான கேள்விக்கு மட்டும் பதில் வரும், மற்றவை காணாமல் போகும். அதிலும் கொடுமை, அந்த ஒரு பதில் வந்ததும் அவர் மனதில் "இந்த மெயிலை முடித்துவிட்டேன்" என்று பதிந்துவிடும்.

வெவ்வேறு ஆட்களோ வெவ்வேறு கெடுவோ இருந்தால் தனித்தனி மெயில். எண்ணுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. ஒரே ஆள், ஒரே கெடு, சின்னச் சின்னக் கேள்விகள் என்றால் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி அமையுங்கள். அவர் "1 சரி, 2 வேண்டாம், 3 புதன்" என்று எழுதிவிட்டுப் போவார். அதில் ஒரு கேள்வி கனமாக இருந்தால், யோசித்து, யாரையாவது கலந்து சொல்ல வேண்டியதாக இருந்தால், அதை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"உங்க கருத்து என்ன?"ன்னு கேட்கறது நல்ல கேள்விதானே?

எதிரே உட்கார்ந்து பேசும்போது நல்ல கேள்வி. எழுத்தில் அது வீட்டுப்பாடம். எதைப் பற்றி, எவ்வளவு ஆழமாக, எதற்காகக் கருத்து என்று எல்லாவற்றையும் அவரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. விளைவு இரண்டில் ஒன்று. "நல்லா இருக்கு" என்று ஒரு வரி வரும், அல்லது நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் காற்புள்ளி திருத்தத்தோடு இரண்டு பக்கம் வரும்.

உங்களுக்கு எங்கே சந்தேகம் என்று உங்களுக்குத் தெரியும், அதைக் கேளுங்கள். "முன்னுரையில் கடந்த ஆண்டு நஷ்டத்தைக் குறிப்பிடலாமா, இல்லை கணக்குப் பகுதியோடு விட்டுவிடலாமா? குறிப்பிடலாம் என்பது என் எண்ணம், உறுப்பினர்கள் எப்படியும் கேட்பார்கள்." உங்கள் சாய்வையும் சேர்த்துச் சொன்னால் அவர் ஆமாம் போடலாம் அல்லது எதிர்வாதம் வைக்கலாம், இரண்டும் சுழியத்திலிருந்து யோசிப்பதைவிட எளிது. சந்தேகமே இல்லை, யாராவது பார்த்தால் நல்லது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான் என்றால் அனுப்பாமலே இருக்கலாம்.

பழைய மெயிலுக்கே ரிப்ளை போடணுமா, புதுசா அனுப்பணுமா?

பெரும்பாலும் பழையதற்கே பதிலாகப் போடுங்கள், பின்கதை கீழே இருக்கும். ஆனால் மேலே எழுதுவது தனியாகவே புரிய வேண்டும். "கீழே பார்க்கவும்" என்று மட்டும் எழுதி அனுப்புவது நினைவூட்டலே அல்ல, தள்ளிவிடுவது.

பொருள் வரி "ஆண்டறிக்கை தொடர்பாக" என்று இருந்து, முன்னால் நாலைந்து "Re:", "Fwd:" குறிகளும் சேர்ந்திருந்தால், புதிய பொருள் வரியோடு அனுப்புவது மேல். ஜிமெயிலில் பொருள் வரியை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும் என்பதை மனதில் வையுங்கள், அதனால் தேவையான பழைய பகுதியைக் கீழே ஒட்டிவிடுங்கள். கேள்வியையே பொருள் வரியாக வைக்கலாம், தேதியோடு. சிலர் மெயிலைத் திறக்காமல் பொருள் வரியைப் பார்த்தே பதில் அனுப்புவார்கள். அது நடந்தால் உங்கள் பொருள் வரி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

குழுவுக்கு அனுப்பினா யாருமே பதில் போடறதில்லை.

எல்லோரும் வேறொருவர் போடுவார் என்று காத்திருக்கிறார்கள். "யாராவது பாருங்கள்", "சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்" என்றால் யாரும் சம்பந்தப்பட்டவர் இல்லை. பெறுநர் இடத்தில் செய்ய வேண்டியவர் ஒருவர், நகல் இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள். முதல் வரியிலேயே பெயர் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு வேலை இருந்தால் இரண்டு வரி, ஒவ்வொன்றும் ஒரு பெயரில் தொடங்கட்டும்.

அரசாங்கக் கடித நடையில் இந்தச் சிக்கல் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். "பரிசீலிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." யார் பரிசீலிப்பது, யார் எடுப்பது, ஏன், கேட்பது யார் என்பதுகூட இல்லை. மூன்று வேலை, ஆள் ஒருவரும் இல்லை.

வாட்ஸ்அப்பில் எப்படி? அங்கே சும்மா "ஹாய்" போட்டுட்டு காத்திருக்கறதுதானே வழக்கம்?

"ஹாய்", "இருக்கீங்களா?", "ஒரு விஷயம்" என்று மூன்று துண்டாக அனுப்பினால் அவர் போன் மூன்று முறை அடிக்கிறது, விஷயம் இன்னும் வரவில்லை. வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் போடுங்கள்: "வணக்கம் சார், ஆண்டறிக்கையில் உறுப்பினர் எண் 4,218-ஆ 4,281-ஆ? வியாழன் காலை 11-க்குள் தெரிந்தால் போதும்." மெயிலில் இருந்த மூன்று பத்தி இங்கே இரண்டு வரியாகும், கேள்வியும் கெடுவும் மட்டும் அப்படியே இருக்கும். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையே என்று கேட்பது மட்டும் வேண்டாம். படித்தார் என்பது தெரியும், வண்டி ஓட்டிக்கொண்டே படித்தாரா என்பது தெரியாது.

இப்படியெல்லாம் எழுதியும் பதில் வரலைன்னா? மறுபடி எத்தனை தடவை கேட்கறது?

எத்தனை தடவை என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எது மாறுகிறது என்பதைப் பாருங்கள். அதே மெயிலை "இரண்டாவது நினைவூட்டல்", "மூன்றாவது நினைவூட்டல்" என்று எண் மட்டும் கூட்டி அனுப்புவது கணக்கு வைப்பது போலத்தான் தெரியும், வேலை நகராது.

இரண்டாவது முறை கேட்பதைச் சிறிதாக்குங்கள். எண்ணை உறுதிசெய்யச் சொன்னீர்கள், பதில் இல்லை என்றால் "இதை யாரிடம் கேட்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பல நேரம் தடை அங்கேதான்: அவருக்கே பதில் தெரியாது, தெரியாது என்று சொல்லத் தயக்கம். மூன்றாவது முறை வழியை மாற்றுங்கள், போன் பண்ணுங்கள் அல்லது இருக்கைக்குப் போய்க் கேளுங்கள். மூன்று மெயிலில் நகராதது பெரும்பாலும் இரண்டு நிமிடப் பேச்சில் நகரும். பேசியதை அப்புறம் ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள், "பேசியபடி 4,281 என்று திருத்துகிறேன்" என்று. இல்லாவிட்டால் பிறகு எந்த எண் சொன்னார் என்று இன்னொரு சிக்கல்.

இடைவெளியைக் கெடுதான் தீர்மானிக்க வேண்டும். வியாழன் கெடு என்றால் செவ்வாய் ஒரு மெயில், புதன் ஒரு போன். மாதக் கடைசி கெடு என்றால் தினமும் கேட்பதில் அர்த்தமில்லை.

அவருடைய மேலதிகாரியை நகலில் சேர்க்கப் பலருக்குக் கை துருதுருக்கும். சேர்ப்பதற்கு முன் அவரிடமே சொல்லுங்கள்: "நாளை காலைக்குள் எண் கிடைக்காவிட்டால் அச்சுத் தேதி மாறுவதைச் செயலாளரிடம் சொல்ல வேண்டிவரும்." சொல்லாமல் சேர்த்தால் எண் கிடைக்கும், அடுத்த வருட ஆண்டறிக்கைக்கு ஒத்துழைப்பு கிடைக்காது.

பாக்கிப் பணத்தைக் கேட்கறதுக்கும் இதே முறையா? அங்கேதான் ரொம்பக் கூச்சமா இருக்கு.

இதே முறைதான், இன்னும் வறட்சியாக. பில் எண், தொகை, எந்தத் தேதியில் வர வேண்டியது, இந்த மூன்றும் முதல் வரியில். பிறகு ஒரே கேள்வி: "எந்தத் தேதியில் வரவு வைக்கப்படும்?" "பணம் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளலாமா, சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்ற வரியைவிட இதில் கூச்சம் குறைவு, ஏனென்றால் உணர்ச்சியே இல்லை, விவரம்தான் இருக்கிறது. பில்லை மறுபடியும் இணைத்துவிடுங்கள். "பில் கிடைக்கவில்லை" என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது. உங்களோடு பேசுகிறவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் கணக்குப் பிரிவில் வேறொருவர் என்றால் "பில் உங்கள் ஒப்புதலுக்காக நிற்கிறதா, கணக்குப் பிரிவில் இருக்கிறதா?" என்று கேட்பது இன்னும் பயன் தரும், எங்கே தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எனக்குக் கேட்க எதுவுமே இல்லை, தொடர்பு விட்டுப்போகக் கூடாதுன்னு மட்டும்தான் எழுதறேன். அப்போ?

அப்போது வேலை மெயில் மாதிரி வேஷம் போடாதீர்கள். பழைய வாடிக்கையாளருக்கு "எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்று" என எழுதினால் அவருக்குத் தெரியும், ஆர்டர் தேடுகிறீர்கள் என்று. ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்: அவர் சென்ற முறை கேட்ட கோப்பு வகை இப்போது உங்களால் செய்ய முடிகிறது, அவருடைய தளத்தில் ஒரு இணைப்பு வேலை செய்யவில்லை, இப்படிக் குறிப்பாக. "பதில் தேவையில்லை, தெரிவிக்க மட்டும்" என்று சேர்த்தால் அவருக்கு நிம்மதி. கொடுக்க ஒன்றும் இல்லை, வேலைதான் வேண்டும் என்றால் அதையே கேளுங்கள்: "அடுத்த மாதம் எனக்கு நேரம் இருக்கிறது, செய்திமடல் வேலை வருமா?" வரும், வராது என்று சொல்ல முடிகிற கேள்வி அது.

நேர்முகத் தேர்வுக்குப் பிறகு எழுதுபவர்களும் இந்த வரிசையில்தான் தவிக்கிறார்கள். "முடிவு என்னாச்சு?" என்று கேட்காமல் "முடிவு எந்த வாரம் தெரியும்?" என்று கேளுங்கள். முடிவைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், வாரத்தைச் சொல்ல அனுமதி தேவையில்லை.

எனக்கே ஒருத்தர் "எனி அப்டேட்?"னு மட்டும் அனுப்பறார். நான் என்ன பதில் போடறது?

அவர் எழுதாமல் விட்டதை நீங்கள் எழுதிவிடுங்கள். "உங்களுக்கு வேண்டியது விலைப்பட்டியலா, டெலிவரி தேதியா? பட்டியல் புதன் 18-ஆம் தேதி மதியம் அனுப்புகிறேன். தேதி கிடங்கில் கேட்டுவிட்டு வியாழன் சொல்கிறேன்." புதன் வரை அவர் மறுபடி கேட்க மாட்டார். புதன் முடியாது என்று செவ்வாயே தெரிந்துவிட்டால், அவர் கேட்பதற்கு முன் நீங்களே புதிய தேதியைச் சொல்லிவிடுங்கள்.